மாடி சோலாரும் 500 யூனிட் கோடும்: சென்னை வீடுகளுக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள கணக்குகள் எல்லாம் 2024 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டு வீட்டு இணைப்புகளுக்கு வந்த கட்டண விகிதத்தை வைத்துப் போட்டவை. 2025 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோது வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. கட்டண மாற்றம் பெரும்பாலும் ஜூலையில்தான் வரும் என்பதால், இதை வைத்துப் பணம் போட முடிவெடுக்கும் முன் உங்கள் கடைசி பில்லில் உள்ள விகிதத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எங்க வீட்டு பில் ஒரு தடவை 1,800, அடுத்த தடவை 2,400. யூனிட் கொஞ்சம்தான் கூடியிருக்கு. எப்படி?

உங்கள் யூனிட் 500-ஐத் தாண்டியிருக்கும். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. அதற்கு ஒன்றல்ல, இரண்டு விலைப் பட்டியல்கள் இருக்கின்றன. மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. ஆக 500 யூனிட்டுக்குச் சரியாக 1,805 ரூபாய்.

501-ஆவது யூனிட் ஓடியதும் மொத்தக் கணக்கும் இரண்டாவது பட்டியலுக்குப் போய்விடும். அதில் 2.35 என்ற படியே கிடையாது. 101 முதல் 400 வரை எல்லாமே 4.70. அதன் பிறகு 401 முதல் 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதற்கு மேல் 11.55. இதன்படி 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். பில்லைக் குறைக்க என்ன செய்தாலும், சோலார் உட்பட, இந்த 500 கோட்டை நடுவில் வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

500 தாண்டினா 100 யூனிட் இலவசம் போயிடும்னு சொல்றாங்களே?

போகாது. எத்தனை யூனிட் ஓடினாலும் முதல் 100-க்குப் பணம் இல்லை. இழப்பது அடுத்த 100 யூனிட்டுக்கு இருந்த பாதி விலைச் சலுகையைத்தான். அது 235 ரூபாய். அதற்கு மேல் கூடுவதெல்லாம் 8.40-இல் தொடங்கும் உயர் படிகளால் வருவது.

ரீடிங் எடுக்க ஒரு வாரம் லேட்டா வந்தாங்க. அதனால எனக்கு நஷ்டமா?

500-ஐ ஒட்டிய வீடு என்றால் நிச்சயம் நஷ்டம்தான். நாளுக்கு 7.8 யூனிட் ஓடும் வீட்டில் 60 நாளுக்கு 468 யூனிட், பில் 1,603 ரூபாய். அதே வீட்டில் 66 நாள் கழித்துக் கணக்கெடுத்தால் 515 யூனிட், பில் 2,166 ரூபாய். ஆறு நாள் மின்சாரத்துக்கு 560 ரூபாய்க்கு மேல்.

60-ஆவது நாள் மீட்டர் திரையைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பில்லில் முந்தைய கணக்கீட்டுத் தேதியும் இந்தமுறைத் தேதியும் இருக்கும், இடைவெளியை எண்ணிப் பாருங்கள். அதிகம் இருந்தால் அந்தப் படத்தோடு பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மின்னகம் எண் 94987 94987-இலும் புகாரைப் பதிந்துகொள்ளலாம். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. தாமதம் மூன்றாம் முறையும் நடக்கும்போது, முதல் இரண்டு முறை நடந்ததைக் காட்ட உங்களிடம் காகிதம் வேண்டும்.

மாடிக்குத் தனி மீட்டர் வாங்கிட்டா ரெண்டு தடவை 100 இலவசம் கிடைக்கும்ல?

மாடியில் தனிச் சமையலறையோடு தனிக் குடித்தனம் உண்மையாகவே இருந்தால் தனி இணைப்பு கேட்பது உங்கள் உரிமை. ஒரே குடும்பம் இரண்டு மீட்டரில் ஏசியை ஒன்றிலும் ஃபிரிட்ஜை மற்றொன்றிலும் பிரித்து ஓட்டுவது வேறு. ஆய்வில் தெரிந்தால் இரண்டு இணைப்பையும் ஒன்றாக்கிவிடுவார்கள். இதை நம்பி வயரிங்குக்குச் செலவு செய்ய வேண்டாம்.

சோலார் போடாமலே 500-க்குள்ள வர முடியுமா?

520, 560, 600 என்று நிற்கும் வீடுகளால் முடியும். முதலில் பார்க்க வேண்டியது மின்விசிறி. பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். ஒரு ஃபேன் நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். அதிகம் ஓடும் மூன்றை மட்டும் மாற்றினால் 120 யூனிட். 540 யூனிட் ஓடிய வீடு 420-க்கு இறங்கும், பில் 2,376-இலிருந்து 1,301-ஆகும். ஒரே பில்லில் ஆயிரத்துக்கு மேல் மிச்சம். ஃபேன் ஒன்று 3,000 ரூபாய் என்றாலும் மூன்றுக்குமான பணம் எட்டு, ஒன்பது பில்களில் திரும்பிவிடும். ஏற்கனவே 350 யூனிட்டில் இருக்கும் வீட்டில் இதே மாற்றம் 564 ரூபாய்தான் மிச்சப்படுத்தும்.

அடுத்தது ஏசி. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால், அறையைப் பொறுத்து, ஆறு யூனிட்டுக்குக் குறையாது. இரண்டு மாதத்தில் 360-ஐத் தாண்டும். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறக்குறைய 6 சதவீதம் குறையும் என்பது எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ-யின் கணக்கு. 24-இல் வைப்பதை 26 ஆக்கி, ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால் 40 யூனிட்டுக்கு மேல் மிச்சம். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை என்றால் மாடித் தளத்தில் வெள்ளை வெப்பத் தடுப்புப் பூச்சு அடிப்பது ஏசியின் சுமையைக் குறைக்கும். கீசரைக் காலை முழுவதும் ஆன் செய்து வைக்காதீர்கள். 2 கிலோவாட் கீசர் அரை மணி நேரம் சூடேற்றினால் ஒரு யூனிட். சென்னைத் தண்ணீருக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

ஊருக்குப் போயிருந்தப்பவும் மீட்டர் ஓடியிருக்கு. மீட்டர் பழுதா?

மீட்டர் மேல் பழி போடும் முன் ஒரு சோதனை. மீட்டரின் முகப்பில் `imp/kWh` என்று ஓர் எண் இருக்கும். 1600 அல்லது 3200 என்பது வழக்கம். 1600 என்றால் சிவப்பு விளக்கு 1600 முறை மினுக்கினால் ஒரு யூனிட். வீட்டில் எல்லாச் சுவிட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, மெயினை மட்டும் ஆன் செய்து வைத்து ஆறு நிமிடம் மினுக்கலை எண்ணுங்கள். எட்டு முறை மினுக்கினால் 50 வாட் எங்கோ ஓடுகிறது. இரண்டு மாதத்தில் அது 72 யூனிட்.

பிறகு ஒவ்வொரு எம்சிபி-யாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்ததும் மினுக்கல் நிற்கிறதோ அந்தச் சுற்றில்தான் விஷயம். பெரும்பாலும் கிடைப்பது பழைய பேட்டரியை விடாமல் சார்ஜ் செய்துகொண்டிருக்கும் யுபிஎஸ்தான். பேட்டரியில் அடிக்கடி தண்ணீர் குறைந்தாலோ, தொட்டால் சூடாக இருந்தாலோ அது சார்ஜை வெப்பமாக வீணடிக்கிறது என்று பொருள். செட்டாப் பாக்ஸ், ரவுட்டர், கேமரா எல்லாம் சேர்ந்து இன்னொரு 20, 30 வாட். மெயினை அணைத்த பிறகும் மினுக்கினால் மட்டுமே மீட்டர் சோதனைக்கு எழுதிக் கொடுங்கள்.

எங்க வீட்டுக்கு எத்தனை கிலோவாட் சோலார் வேணும்?

பில் தொகையை வைத்துச் சொல்ல முடியாது. ஓர் ஆண்டின் ஆறு பில்களிலும் உள்ள யூனிட் வேண்டும். சென்னையில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டு முழுவதும் சராசரியாக நாளுக்கு 4 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தரும். மார்ச், ஏப்ரலில் அதற்கு மேல், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மூன்றரைக்கும் கீழ். கோடையில் இரண்டு ஏசி ஓடும் ஒரு வீட்டை எடுத்து, 2 கிலோவாட் வைத்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

| மாதங்கள் | செலவான யூனிட் | இப்போதைய பில் | சோலார் தருவது | மீதி யூனிட் | புதிய பில் |
|---|---|---|---|---|---|
| பிப்ரவரி, மார்ச் | 540 | 2,376 | 520 | 20 | 0 |
| ஏப்ரல், மே | 820 | 4,980 | 520 | 300 | 705 |
| ஜூன், ஜூலை | 760 | 4,392 | 470 | 290 | 658 |
| ஆகஸ்ட், செப்டம்பர் | 640 | 3,258 | 470 | 170 | 165 |
| அக்டோபர், நவம்பர் | 480 | 1,679 | 400 | 80 | 0 |
| டிசம்பர், ஜனவரி | 430 | 1,364 | 410 | 20 | 0 |

ஆண்டு பில் 18,049 ரூபாயிலிருந்து 1,528-க்கு வருகிறது. மிச்சம் 16,500 ரூபாய். சோலார் விதிகளில் நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்று உண்டு. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. உங்கள் பில்லில் அது வந்தால் மிச்சம் அந்த அளவு குறையும்.

இதையே ஒரு கிலோவாட்டோடு நிறுத்தினால் ஆண்டு மிச்சம் ஏறக்குறைய 10,470 ரூபாய். முதல் கிலோவாட் உச்சிப் படிகளைத் தின்கிறது. 10.50, 9.45, 8.40 ரூபாய் யூனிட்டுகள் முதலில் மறைகின்றன, சில பில்கள் 500 கோட்டுக்குக் கீழேயும் வந்துவிடுகின்றன. இரண்டாவது கிலோவாட் கூடுதலாக மிச்சப்படுத்துவது 6,050 ரூபாய். மூன்றாவதுக்கு மிஞ்சியிருப்பது வெறும் 1,528 ரூபாய்தான். மேலிருந்து கீழாகப் படி இறங்க இறங்க, சோலார் யூனிட்டின் மதிப்பும் இறங்குகிறது. கடைசி 100 யூனிட் ஏற்கனவே இலவசம் என்பதால் அதைச் சோலாரால் ஈடுகட்டினால் ஒரு காசும் மிச்சமில்லை.

3 கிலோவாட் போட்டாத்தான் 78,000 மானியம் முழுசா கிடைக்கும்னு வெண்டர் சொல்றார். விடலாமா?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். வெண்டர் சொல்வது உண்மைதான். ஆனால் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 கிடைக்க, மூன்றாவதுக்குக் கிடைப்பது 18,000 மட்டுமே.

முந்தைய பதிலில் உள்ள வீட்டுக்கே கணக்குப் போடலாம். விலை ஒரு கிலோவாட் 75,000, இரண்டு 1,40,000, மூன்று 1,95,000 என்று வைத்துக்கொள்வோம். மானியம் போக உங்கள் கையிலிருந்து முறையே 45,000, 80,000, 1,17,000. முதல் கிலோவாட் நாலரை ஆண்டுக்குள் தன் பணத்தை எடுத்துவிடும். இரண்டாவதுக்காகப் போடும் கூடுதல் 35,000 ஆறு ஆண்டுக்குள் திரும்பும். மூன்றாவதுக்காகப் போடும் 37,000 திரும்ப 24 ஆண்டு ஆகும். அந்த வீட்டுக்கு 2 கிலோவாட்தான் சரி.

மூன்று கிலோவாட் பொருந்தும் வீடுகளும் உண்டு. ஆண்டு முழுவதும் ஒவ்வொரு பில்லிலும் 700, 800 யூனிட் ஓடும் வீடு, அல்லது விரைவில் மின்சாரக் கார் வாங்கப் போகும் வீடு. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் கார், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்றால், ஒவ்வொரு பில்லிலும் 290 யூனிட் சேர்க்கும். ஸ்கூட்டருக்கு மட்டும் என்றால் நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டினாலும் 60 யூனிட்தான், அதற்காக ஒரு கிலோவாட் கூட்ட வேண்டாம். ஃபேன் மாற்றப் போகிறீர்கள் என்றால் அதை முதலில் செய்துவிட்டு, புதிய யூனிட் எண்ணிக்கையில் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

பகல்ல வீட்ல யாரும் இல்ல, ஏசி ராத்திரிதான் ஓடுது. அப்ப சோலார் எதுக்கு?

நெட் மீட்டரில் பகல், இரவு வித்தியாசம் இல்லை. பகலில் வீடு பயன்படுத்தாத மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகும், இருவழி மீட்டர் அதை ஏற்றுமதி என்று தனியே எழுதும். இரவில் கம்பியிலிருந்து வாங்குவது இறக்குமதி. கணக்கெடுக்கும்போது இறக்குமதியிலிருந்து ஏற்றுமதியைக் கழித்து, மீதிக்குத்தான் முதல் பதிலில் உள்ள பட்டியல். சோலார் யூனிட் மிஞ்சினால் அடுத்த பில்லுக்குப் போகும். ஆண்டுக் கணக்கு முடிந்த பிறகும் மிஞ்சியிருப்பதில் காசு பார்க்கலாம் என்று நினைத்துப் பெரிதாகப் போடாதீர்கள்.

ஒரு குழப்பம் இங்கே அடிக்கடி வரும். ‘சோலார் 500 யூனிட் தந்ததாக ஆப் காட்டுகிறது, ஏற்றுமதி 320தான் இருக்கிறது, 180 திருட்டுப் போய்விட்டதா’ என்று கேட்பார்கள். அந்த 180 யூனிட்டை உங்கள் ஃபிரிட்ஜும் மோட்டாரும் பகலிலேயே நேரடியாக எடுத்துக்கொண்டன. அது மெயின் மீட்டரைத் தொடவே இல்லை, அதனால் இறக்குமதியும் அந்த அளவு குறைந்திருக்கும்.

கரன்ட் கட் ஆனா சோலார் இருக்கிறதால வீட்ல லைட் எரியும்தானே?

எரியாது. பேட்டரி இல்லாத சாதாரண சோலார் இன்வெர்ட்டர், தெரு மின்சாரம் நின்ற நொடியே தானும் நின்றுவிடும். இல்லையென்றால் கம்பம் ஏறி வேலை செய்யும் ஊழியருக்கு உங்கள் மாடியிலிருந்து ஷாக் போகும். ஏற்கனவே உள்ள யுபிஎஸ் அப்படியே இருக்கட்டும். மின்வெட்டுக்காகப் பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் வாங்கலாம், ஆனால் அது பில்லை மேலும் குறைக்காது, பணம் திரும்பும் காலத்தை நீட்டும்.

எப்படி விண்ணப்பிக்கணும்? எங்க மாட்டும்?

`pmsuryaghar.gov.in` தளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். 10 கிலோவாட் வரை தனியாகத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என்பது 2024-இல் வந்த மத்திய விதித் திருத்தம். பிறகு தளத்தில் பதிவு பெற்ற வெண்டர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம், நிறுவல், மின்வாரிய ஆய்வு, இருவழி மீட்டர், இயக்கச் சான்று. அதன் பின் வங்கிக் கணக்கு விவரம் கொடுத்தால் மானியம் நேரே கணக்கில் வரும். முழுப் பணத்தையும் முதலில் நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும், அல்லது இந்தத் திட்டத்துக்கான வங்கிக் கடன் எடுக்கலாம்.

மாட்டும் இடங்கள் மூன்று. இணைப்பு இன்னும் காலமான அப்பா பெயரிலோ வீட்டை விற்றவர் பெயரிலோ இருப்பது முதலாவது. பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். இரண்டாவது, அனுமதிக்கப்பட்ட மின்பளு. பில்லில் 1 கிலோவாட் என்று இருந்தால் 2 கிலோவாட் சோலாருக்கு அதை உயர்த்த வேண்டியிருக்கும். மூன்றாவது, பேனல். மானியம் கிடைக்க, பேனலின் சோலார் செல், மாட்யூல் இரண்டும் இந்தியாவிலேயே தயாரானதாக, டிசிஆர் வகையாக இருக்க வேண்டும். மலிவு விலைக் கொட்டேஷனில் அந்த வார்த்தை இல்லையென்றால் மானியம் கிடைக்காது. பேனலின் பிராண்டு, வாட், எண்ணிக்கை எல்லாவற்றையும் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள்.

பேனல் மாட்டியாச்சு. மீட்டர் மாத்த இன்னும் வரல. அதுவரைக்கும் ஆன் பண்ணி வச்சுக்கலாமா?

கூடாது. அனுமதி இல்லை என்பது ஒரு காரணம். பணம் போகும் என்பது இன்னொன்று. சாதாரண ஒருவழி மீட்டர்கள் பலவும் மின்சாரம் எந்தப் பக்கம் ஓடினாலும் செலவாகவே கூட்டும். அதாவது நீங்கள் ஏற்றுமதி செய்யும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் உங்களிடமே விலை கேட்கும். சோலார் போட்ட முதல் மாதம் பில் இரட்டிப்பானது என்ற புகாரைக் கேட்டால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

மாடியில வாட்டர் டேங்க் இருக்கு. எங்க வைக்கிறது?

ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழலில்லாத இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனல் தெற்கு நோக்கி, 10 முதல் 15 டிகிரி சாய்வில். காலை 9 முதல் மாலை 3 வரை நிழல் விழக் கூடாது. மிக நீளமான நிழல் டிசம்பரில் விழும். சென்னையில் அப்போது காலை 9 மணிக்கு 2 மீட்டர் உயரத் தொட்டியின் நிழல் வடமேற்காக 3 மீட்டருக்கு மேல் நீளும். உச்சி வெயிலில் வடக்கே ஒன்றரை மீட்டர். மே முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே இருக்கும், அப்போது நிழல் தெற்கே விழும், ஆனால் சிறியது. ஆகவே தொட்டிக்குத் தெற்கே இடம் இருந்தால் அங்கே வையுங்கள்.

பேனல்கள் வரிசையாக இணைக்கப்படுவதால் ஒன்றின் மூலையில் விழும் நிழல் அந்தப் பேனலோடு நிற்பதில்லை, வரிசை முழுவதன் உற்பத்தியையும் பாதிக்கலாம். தப்பிக்கவே இடம் இல்லையென்றால் ஒவ்வொரு பேனலுக்கும் தனி மைக்ரோ இன்வெர்ட்டர் கேளுங்கள். விலை கூடும், ஆனால் நிழல் விழுந்த பேனல் மட்டும் படுக்கும்.

புயல் வந்தா பறந்துடாதா?

சரியாகப் பதித்தால் பறக்காது. கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். தாங்கிச் சட்டம் அதற்கு வடிவமைத்தது என்று வெண்டரிடம் எழுதி வாங்குங்கள். சட்டத்தின் கால்கள் கான்கிரீட் பீடத்திலோ தளத்தில் துளையிட்ட ஆங்கர் போல்ட்டிலோ நிற்க வேண்டும். துளையிட்டால் தளத்தில் நீர்க்கசிவுத் தடுப்பைத் திரும்பச் செய்வது யார் பொறுப்பு என்பதும் ஒப்பந்தத்தில் வரட்டும். கடலோரப் பகுதிகளில் சட்டம் சூட்டில் தோய்த்த கால்வனைஸ் இரும்பாக இருக்க வேண்டும். தளத்திலேயே வெட்டி வெல்டிங் செய்து வெள்ளிப் பெயின்ட் அடித்த சட்டம் உப்புக் காற்றில் அந்த வெல்டிங் இடத்திலிருந்தே துருப்பிடிக்கத் தொடங்கும்.

போட்டு ஒரு வருஷம் ஆச்சு. முன்ன மாதிரி யூனிட் வரல. என்ன பார்க்கணும்?

முதலில் மாதத்தைப் பாருங்கள். ஏப்ரலை நவம்பரோடு ஒப்பிடக் கூடாது, போன நவம்பரோடு ஒப்பிட வேண்டும். அப்படியும் குறைவு என்றால் ஆப்பில் ஒரு தெளிந்த வெயில் நாளின் வளைவைப் பாருங்கள். நல்ல நிலையில் அது காலையிலிருந்து ஏறி நண்பகலில் உச்சம் தொட்டு மாலையில் இறங்கும். நாள் முழுவதும் ஒரே சீராகத் தாழ்ந்திருந்தால் அழுக்கு. தினமும் ஒரே நேரத்தில் பள்ளம் விழுந்தால் நிழல், பக்கத்தில் புதிதாக எழும்பிய மாடியோ வளர்ந்த தென்னையோ இருக்கும். நண்பகலில் திடீரெனப் பூஜ்யத்துக்கு விழுந்து சில நிமிடத்தில் மீண்டால் இன்வெர்ட்டர் அதிக மின்னழுத்தத்தால் நிற்கிறது.

கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதே இல்லை. உற்பத்தி உச்சத்தில் இருக்கும்போது மின்சாரத்தை வெளியே தள்ள இன்வெர்ட்டர் தன் மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டும். மாடியிலிருந்து மீட்டருக்கு வரும் கேபிள் மெலிதாகவும் நீளமாகவும் இருந்தால் அது வரம்பைத் தாண்டி நின்றுவிடும். இன்வெர்ட்டர் திரையில் `Grid Overvoltage` போன்ற எச்சரிக்கை பதிவாகியிருக்கும். தெரு மின்னழுத்தமே பகலில் 250-ஐ ஒட்டி இருந்தால் மின்வாரியத்திடம் புகார். மீட்டர் அருகே 238, இன்வெர்ட்டர் அருகே 252 என்று இருந்தால் குறை உங்கள் கேபிளில், தடித்த கேபிள் போட வெண்டரைக் கூப்பிடுங்கள்.

அழுக்குக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதிகாலையில் தண்ணீரும் மென்மையான துடைப்பமும் போதும். சுடும் பேனலில் நண்பகலில் தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். உப்பான போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் விடும், அது நாளடைவில் தூசியைவிட மோசம். மெட்ரோ தண்ணீரிலோ பிடித்து வைத்த மழைநீரிலோ கழுவுங்கள்.

நாங்க அபார்ட்மென்ட்ல இருக்கோம். மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. வழி இருக்கா?

உங்கள் ஃபிளாட்டுக்கு மட்டும் போட வேண்டும் என்றால் சங்கத்தின் எழுத்து மூல ஒப்புதல் தேவை. அதைவிட எளிதில் ஒத்துவருவது பொது மீட்டருக்குப் போடுவது. லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்குக்கான பொது இணைப்பு வேறு விலைப் பட்டியலில் இருக்கிறது. லிஃப்ட் உள்ள கட்டடங்களில் யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 100 இலவசம் கிடையாது. பத்து வீடுகளுக்கு மிகாத, மூன்று மாடிக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத சிறு குடியிருப்புகளுக்கு 2023-இல் சலுகை விலை வந்தது, அதனால் அங்கே மிச்சம் குறையும்.

பொது மீட்டரில் 500 கோடு, படி இறக்கம் எதுவும் இல்லை. முதல் யூனிட்டும் கடைசி யூனிட்டும் ஒரே விலை என்பதால் பயன்பாடு முழுவதற்கும் ஈடாக சோலார் போடுவது இங்கே சரியாக வரும். தனி வீட்டுக்குச் சொன்ன ‘குறைவாகப் போடு’ என்ற கணக்கு இதற்குப் பொருந்தாது. மத்தியத் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்குப் பொதுப் பயன்பாட்டுக்காகக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியமும் உண்டு. விண்ணப்பத்தில் மாட்டுவது இணைப்பின் பெயர்தான். பல கட்டடங்களில் பொது மீட்டர் இன்னும் கட்டியவர் பெயரிலேயே இருக்கிறது. அதைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.